ஏனையோர் யார்?

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் வாழ்த்துச் செய்திகளும் வெளியாகின்றன. பள்ளி வாயிலில் பதாகை கட்டப்படுகிறது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று ஒளிப்படங்கள் இடம்பெறுகின்றன. அச்செய்தி அங்கேயே நின்றுவிடுவதில்லை. பெங்களூருவில் அல்சூரை ஒட்டியுள்ள ஜோகுபாளையத்தில் வாழும் ஒரு தாய், அதனை உடனே சொந்த ஊரிலுள்ள பாட்டிக்கு அனுப்பிவைக்கிறார். பாட்டி தம் பேரனின் பெயரைத் தேடுகிறார். பெயர் இல்லை. அவன் தேர்ச்சி பெற்றானா, முன்னேறினானா என்பதை அச்செய்தி அவருக்குச் சொல்வதில்லை.

இத்தகைய வாழ்த்துச் செய்தியை மாற்றி எழுத வேண்டும் என்பதே என் கருத்து. அதனை எவ்வாறு மாற்றுவது என்பதை எடுத்துக்காட்டுடன் காண்போம்.

ஜோகுபாளையத்துப் பிள்ளைகள் பயிலும் ஓர் எட்டாம் வகுப்பில் 32 மாணவர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஐந்து பாடங்கள், மொத்தம் 500 மதிப்பெண்கள். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் இவ்வாறு ஒரு செய்தி வெளியாகிறது:

"முதலிடம் 478, இரண்டாமிடம் 471, மூன்றாமிடம் 469. வெற்றி பெற்ற மூவருக்கும் வாழ்த்துகள்! ஏனையோர் இவர்களைப் பின்பற்றி முயல்க."

இதில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். 'வெற்றி பெற்ற மூவர்' என்றால், மற்ற 29 பேரும் தோற்றவர் என்று பொருள்படுகிறது. 'ஏனையோர்' என்னும் சொல் அந்த 29 பேரையும் ஒரே கூட்டமாக்கிவிடுகிறது. 469 பெற்றவர் பாராட்டப்படுகிறார். 468 பெற்றவர் ஏனையோருள் ஒருவராகிறார். 500இல் ஒரே ஒரு மதிப்பெண் இருவரையும் பிரித்துவிட்டது.

தமிழ்நாட்டில் பல்லாண்டுகள் பொதுத்தேர்விலும் இவ்வழக்கமே இருந்தது. மாநில அளவில் முதல் மூன்று இடங்களைப் பெற்றோரின் பெயர்களை அரசே அறிவித்தது. 2017ஆம் ஆண்டு மே மாதம் அவ்வறிவிப்பைப் பள்ளிக் கல்வித்துறை கைவிட்டது. அதனால் உயர்ந்த மதிப்பெண் பெற்றோர் மறக்கப்படவில்லை. 2023ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 600 பெற்ற திண்டுக்கல் மாணவியை மாநிலமே பாராட்டியது. ஆகவே தரவரிசையை நீக்குவது வேறு. திறமையை மறைப்பது வேறு. எனினும், அட்டவணை எளிதில் ஒழிந்துவிடவும் இல்லை. மாணவர்களை வரிசைப்படுத்துவது நின்ற பின்னரும், எந்த மாவட்டம் முதலிடம் என்னும் பேச்சு ஆண்டுதோறும் தொடர்கிறது. வரிசையை நீக்கினால் மட்டும் போதாது. அவ்விடத்தில் வேறு எதைச் சொல்வது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

மாற்றி எழுத முனைவோர் பெரும்பாலும் மூன்று வழிகளில் தவறுகின்றனர். முதலாவது, "அனைவருக்கும் வாழ்த்துகள்" என்று மட்டும் எழுதுவது. தேர்வு தொடங்குவதற்கு முன்பே இதனை எழுதிவைத்துவிடலாம். எனவே எவரும் இதனைத் தம்மைப் பற்றியதாகக் கருதுவதில்லை. இரண்டாவது, 'சிறந்த புன்னகை' என்பன போன்ற பட்டங்களைக் கண்டுபிடித்து ஆளுக்கொன்று வழங்குவது. தேர்வுக்குத் தொடர்பில்லாத புகழ்ச்சியை எட்டாம் வகுப்பு மாணவர் உடனே கண்டுகொள்வார். மூன்றாவது, 32 பேரின் மதிப்பெண்களையும் வெளியிடுவது. இது அனைவரையும் சேர்ப்பதுபோல் தோன்றினும், கடைசியில் நிற்பவரை எல்லோர்க்கும் காட்டிவிடுகிறது.

சரியான வழி, அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண் பட்டியலை ஆண்டுத் தேர்வின் பட்டியலுக்கு அருகில் வைப்பதிலிருந்து தொடங்குகிறது. ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிடாமல், ஒவ்வொருவரையும் அவருடைய முந்தைய நிலையோடு ஒப்பிட வேண்டும். நம் வகுப்பில் அவ்வாறு ஒப்பிட்டபோது பின்வரும் செய்தி உருவாயிற்று என்க:

"எட்டாம் வகுப்பு மாணவர்கள் 32 பேரும் ஐந்து பாடங்களிலும் ஆண்டுத் தேர்வை எழுதினர். அவர்களுள் 21 பேர் ஏதேனும் ஒரு பாடத்தில் அரையாண்டைவிடப் பத்து மதிப்பெண்ணுக்கு மேல் உயர்ந்துள்ளனர். அரையாண்டில் கணக்கில் தவறிய 6 பேரில் 4 பேர் இப்போது தேறியுள்ளனர். இவ்வாண்டுதான் தமிழ் எழுத்துகளைக் கற்கத் தொடங்கிய 5 பேர், தமிழ்த் தேர்வில் முழுப் பத்தியாக விடை எழுதியுள்ளனர். 450க்கு மேல் பெற்றவர் 7 பேர். வகுப்பின் உயர்ந்த மதிப்பெண் 478."

இச்செய்தியை உடனே வெளியிடலாகாது. முதலில் 32 பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அம்மாணவர் எந்த வரியில் இடம்பெறுகிறார் என்று குறிக்க வேண்டும். 'எழுதினர்' என்னும் முதல் வரி எல்லோர்க்கும் பொருந்துவதால் அதனைக் கணக்கில் கொள்ளக்கூடாது. நம் வகுப்பில் மூன்று பெயர்களுக்கு எதிரே குறி விழவில்லை. ஆசிரியர் அம்மூவரின் விடைத்தாள்களை மீண்டும் எடுத்துப் பார்க்கிறார். அரையாண்டில் பல வினாக்களை விடையின்றி விட்டிருந்தவர்கள், இம்முறை ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கின்றனர். மதிப்பெண் பெரிதும் உயரவில்லை, முயற்சி உயர்ந்திருக்கிறது. "விடாமல் எல்லா வினாக்களுக்கும் விடையளித்தோர்" என்று ஒரு வரி சேர்கிறது. இது கற்பனைப் பட்டமன்று, விடைத்தாளே சான்று. உண்மையான சான்று ஒன்றும் கிடைக்காவிட்டால், பொய்யாக ஒன்றை எழுதாமல், அம்மாணவரிடம் தனியே பேசுவதே முறை.

இரண்டாவது சோதனை எண்களைப் பற்றியது. "6 பேரில் 4 பேர் தேறினர்" என்றால், இருவர் தேறவில்லை என்பது தானே வெளிப்படும். சிறிய வகுப்பில் அந்த இருவர் யார் என்பதை ஒரு நொடியில் எல்லோரும் அறிந்துவிடுவர். ஆகவே 'நால்வர் கணக்கில் புதிதாகத் தேறினர்' என்று மட்டும் எழுத வேண்டும். மறுதேர்வு பற்றிய செய்தி அவரவர் வீட்டுக்குத் தனியே செல்ல வேண்டும். எவரையும் தாழ்த்த எண்ணாமல் எழுதிய வரியும் கழித்தல் கணக்கால் ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"478 பெற்ற மாணவிக்கு இது இழப்பன்றோ?" என்று சிலர் கேட்பர். அவருடைய மதிப்பெண் செய்தியில் இருக்கிறது. வகுப்பில் அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டவும் தடையில்லை. இடத்தை அறிவிக்காமை அவருக்கும் நன்மையே. முதலிடம் என்று அறிவிக்கப்பட்டவர் அடுத்த தேர்வில் 480 பெற்று இரண்டாமிடத்துக்கு வந்தால், அவர் வளர்ந்திருந்தும் வீழ்ந்ததாகவே ஊர் பேசும்.

இனி, பாட்டிக்கு அச்செய்தி செல்லும்போது, "நீ இதில் எங்கே இருக்கிறாய்?" என்று அவர் பேரனைக் கேட்கலாம். "தமிழில் பத்தி எழுதிய ஐவரில் நானும் ஒருவன், பாட்டி" என்று அவனால் விடை சொல்ல இயலும். அவ்விடையைத் தர இயலாத வாழ்த்துச் செய்தி, மூவருக்கு எழுதிய கடிதத்தை 32 பேரிடம் கொடுத்ததற்கு ஒப்பாகும்.

சிந்தித்து எழுதுக
1. 'வெற்றி பெற்ற மூவர்' என்னும் தொடரில் கட்டுரையாசிரியர் காணும் குறை யாது?
2. "10 பேரில் 9 பேர் தேர்ச்சி பெற்றனர்" என்னும் வரியை, எவரையும் காட்டிக்கொடுக்காதவாறு மாற்றி எழுதுக.
3. கட்டுரையாசிரியரின் எந்தக் கருத்தை நீ மறுப்பாய்? காரணம் கூறுக.