ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அபராதமா?

மனைவிக்கு அவசர அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரி கொடுத்த எஸ்டிமேட்டையும் டாக்டர் சான்றிதழையும் இணைத்து, எஃப்.டி.யை முன்கூட்டியே முடித்துத் தாருங்கள், அபராத வட்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் கடிதம் எழுதுகிறார். கவுன்டரில் கிடைக்கும் பதில்: "சிஸ்டத்துல அப்படி ஆப்ஷனே இல்ல சார்." கடிதத்தின் நகலில் முத்திரை குத்தித் தரவும் ஆளில்லை. வங்கிக் கிளைகளின் இந்த அலட்சியத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று பார்ப்போம். ஐந்து லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்கு மூன்று ஆண்டுகளுக்குப் போட்டவர் பதினான்காவது மாதத்தில் முடிக்கிறார் என்று கொள்வோம். பதினான்கு மாதத்துக்கு அன்றைய வட்டி 6.5 சதவீதம் என்றால், கணக்கு முதலில் அங்கே இறங்கும். இதில் நமக்கு வழக்கில்லை. பணம் இருந்த காலத்துக்கு உரிய வட்டிதான் அது. அதற்கும் மேல் அபராதம் என்று ஒரு சதவீதம் கழித்து 5.5 சதவீதம்தான் கையில் கொடுக்கிறார்கள். தனிவட்டிக் கணக்கில் இந்த ஒரு சதவீதம் மட்டும் ஏறத்தாழ 5,800 ரூபாய். வங்கிக்கு இது தூசு. ஐ.சி.யு. வாசலில் நிற்கிறவருக்கு மருந்துக்கடை பில்.

ரிசர்வ் வங்கி விதி என்று கையை விரிப்பதும் எடுபடாது. அபராதம் எவ்வளவு என்பதை அந்தந்த வங்கியின் இயக்குநர் குழுதான் முடிவு செய்கிறது. வைப்பு வாங்கும்போதே அதை வாடிக்கையாளருக்குச் சொல்லவும் வேண்டும். வைத்தவர் இறந்துவிட்டால் பல வங்கிகள் அபராதத்தைத் தள்ளுபடி செய்கின்றன. செத்தால் சலுகை, பிழைக்கப் போராடினால் தண்டம்! நிதி நிறுவனங்களுக்கே 2025 ஜனவரி 1 முதல், கடும் நோய் என்றால் வைப்புப் போட்ட மூன்று மாதத்துக்குள் கேட்டாலும், வட்டியில்லாமலாவது, அசல் முழுவதையும் தரலாம் என்று ரிசர்வ் வங்கி வழி வகுத்திருக்கிறது. வங்கி வைப்புக்கு அப்படி ஒரு மருத்துவ விதி ஏன் இல்லை?

எஃப்.டி. மேல் கடன் வாங்குங்களேன் என்பார்கள். முதிர்வுக்குச் சில வாரங்களே இருந்தால் அது நல்ல யோசனைதான். மாதக்கணக்கில் சிகிச்சை என்றால், வைப்பு வட்டியைவிடக் கூடுதல் வட்டியை வங்கிக்கே கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

மருத்துவச் சான்று இணைத்த மனுக்களுக்கு அபராதத்தைத் தள்ளுபடி செய்யவோ பாதியாக்கவோ கிளை மேலாளருக்கு அதிகாரம் தரும் தீர்மானத்தை இயக்குநர் குழுக்கள் உடனே நிறைவேற்ற வேண்டும். ரசீது எண், காரணம், கோரிக்கை மூன்றும் எழுதிய கடிதத்துக்கு அன்றே ஒப்புகை தரவேண்டும். மறுப்பதானால் எந்த விதிப்படி என்று எழுத்தில் சொல்லட்டும். முப்பது நாளாகியும் பதில் இல்லையென்றால், அந்த முத்திரை குத்திய நகலோடு வாடிக்கையாளர் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.