குதிகால் நாண் அறுந்தால்: கத்தியா, சப்பாத்தா?

நயினாதீவிலிருந்து சகோதரி ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியுள்ளார். அவருடைய கணவர் கடற்றொழில் செய்பவர்; வயது 42; சில ஆண்டுகளாக நீரிழிவும் உண்டு. ஒருநாள் மாலை இளைஞர்களுடன் கரப்பந்து ஆடப் போனார். பந்தை எட்டுவதற்காக இடக்காலை ஊன்றி எழும்பியபோது, பின்னாலிருந்து யாரோ குதியில் உதைத்தாற் போன்றிருந்தது. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. நொண்டியபடியே நடந்து வீடு வந்து சேர்ந்தார். “நடக்க முடிகிறதே, இது சுளுக்குத்தான்” என்று அயலவர் கூறவே, மூன்று நாள் எண்ணெய் தடவி உருவினார்கள். நான்காம் நாள் வைத்தியர் அவரைக் குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, “குதிகால் நாண் அறுந்துவிட்டது” என்றாராம்.

சகோதரி கேட்பவை இரண்டு. படம் ஏதும் பிடிக்காமல், வெறுங்கையால் அழுத்தியே இதை எப்படி அறிய முடியும்? சத்திரசிகிச்சை செய்வதா, செய்யாமல் சப்பாத்துப் போட்டுக் குணமாக்குவதா?

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கெண்டைக்காலின் பெருந்தசைகள் கீழே ஒன்றுகூடித் தடித்த வடம்போலாகிக் குதி எலும்பில் பற்றுகின்றன. இதற்கு அக்கிலீசு நாண் என்று பெயர். நாம் எம்பும்போதும் படகைத் தள்ளும்போதும் உடலை முன்னே செலுத்துவது இதுவே. குதிக்கு மேலே 2 முதல் 6 சென்டிமீட்டர் வரையுள்ள பகுதியில் இதற்கு இரத்தவோட்டம் குறைவு. பெரும்பாலும் அவ்விடத்திலேயே இது அறுகின்றது.

அறுந்த பின்னும் ஒருவர் நடப்பது எப்படி? கணுக்காலின் இரு மருங்கும் செல்லும் வேறு சில சிறு தசைகளும், விரல்களை மடக்கும் தசைகளும் பாதத்தை ஓரளவு கீழே அழுத்த வல்லன. “பாதத்தை அசையுங்கள்” என்றால் நோயாளி அசைத்துக் காட்டிவிடுவார். இந்த ஏமாற்றத்தினாலேயே ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு முதல் தடவையில் இந்நோய் தப்பிவிடுகின்றது. ஆனால் அந்த ஒற்றைக் காலில் மட்டும் நின்று குதியை உயர்த்தச் சொன்னால் அவரால் இயலாது.

இங்கிலாந்து வைத்தியர் சிமண்ட்ஸ் 1957 இலும், அமெரிக்க வைத்தியர் தொம்சன் 1962 இலும் எழுதிய சோதனையைத்தான் உங்கள் வைத்தியர் செய்திருக்கிறார். நோயாளி குப்புறப் படுத்திருக்க, பாதங்கள் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்க வேண்டும். கெண்டைத் தசையை அழுத்தினால், நாண் முழுமையாக இருக்கும் காலில் குதி மேலே இழுபட்டுப் பாதம் கீழ்நோக்கி வளையும். கிணற்றுக் கயிற்றை மேலே இழுத்தால் வாளி அசைவதுபோல என்று கொள்ளலாம். கயிறு அறுந்திருந்தால் வாளி அசையுமா? இங்கே நோயாளியின் முயற்சி ஒன்றும் இல்லாமையால், மற்றைத் தசைகள் உதவிக்கு வந்து ஏமாற்ற இடமில்லை. இரு கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

இதனோடு இன்னும் இரண்டு சோதனைகள் உள. குப்புறப் படுத்தவாறே முழங்கால்களைச் செங்கோணமாக மடக்கினால், நல்ல பாதம் சற்றே கீழ்நோக்கி வளைந்து நிற்கும். நாண் அறுந்த பாதமோ தளர்ந்து முன்பக்கம் சாயும். மற்றொன்று, நாணின் வழியே விரலை ஓட்டிப் பள்ளம் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது. 1998 இல் வெளியான ஓர் ஆய்வில், நாண் அறுந்த நூறு பேரில் 96 பேரை அழுத்தற் சோதனை இனங்காட்டியது. விரலால் தடவிப் பார்த்தல் 73 பேரையே காட்டியது. வீக்கம் பள்ளத்தை மூடிவிடுவதே காரணம். ஆதலின் ஒன்றோடு நில்லாது இரண்டு சோதனைகளையேனும் சேர்த்துப் பார்ப்பர். எக்ஸ்ரே எலும்பைக் காட்டுமேயன்றி நாணைத் தெளிவாகக் காட்டாது. ஐயமிருப்பின் ஒலியலைப் படம் எடுக்கலாம்.

இனி இரண்டாவது கேள்வி. முற்காலத்தில் சத்திரசிகிச்சை வேண்டாமென்றால் பல வாரங்கள் பிளாஸ்டர் கட்டில் காலை அசைக்காமல் வைப்பர். அவ்வாறு குணமான நாண் மீண்டும் அறுவது மிகுதி. இன்று முறை மாறிவிட்டது. முதல் இரு வாரம் பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டி, ஊன்றுகோலின் துணையுடன் நடக்க விடுவர். அறுந்த முனைகள் ஒன்றையொன்று நெருங்கியிருக்க அந்நிலை வேண்டும். பின்னர்க் குதிக்கு அடியில் சுமார் 2 சென்டிமீட்டர் உயர ஆப்பு வைத்த உறுதியான நெடுஞ்சப்பாத்து. அதனோடு சிறிது சிறிதாகக் காலை ஊன்றலாம். நாளும் அளவான பயிற்சி உண்டு. ஆயினும் பாதத்தை மேல்நோக்கிச் செங்கோணத்துக்கு அப்பால் மடக்கலாகாது. ஆறாம் வாரத்துக்குப் பின் ஆப்பை நீக்கி, எட்டு முதல் பன்னிரண்டாம் வாரத்துக்குள் சப்பாத்தையும் விடுவர். வைத்தியசாலைக்கு வைத்தியசாலை இந்நாட்கணக்குச் சற்று வேறுபடும்.

கனடாவில் 144 பேரை இரு கூறாக்கி இம்முறையைச் சோதித்து 2010 இல் முடிவை வெளியிட்டனர். சத்திரசிகிச்சை பெற்றோரில் இருவருக்கும், பெறாதோரில் மூவருக்கும் நாண் மீண்டும் அறுந்தது. நோர்வேயில் 526 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2022 இல் வெளியிட்ட பெரிய ஆய்வு வேற்றுமையைத் தெளிவாக்கியது. சப்பாத்து முறையில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மீண்டும் அறுந்தது. சத்திரசிகிச்சையில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அதற்கு ஈடாக, கத்திபட்டு நரம்பு ஊறுபட்டோர் திறந்த முறையில் நூற்றுக்கு மூவர், சிறு கீறல் முறையில் ஐவர். சப்பாத்து முறையில் ஒருவருக்கும் குறைவு. ஓராண்டு சென்றபின், நோயாளிகள் தத்தம் காலின் நிலை பற்றிக் கூறிய மதிப்பில் மூன்று கூட்டத்தாருக்கும் வேற்றுமை இல்லை.

ஆகவே இது நல்லதற்கும் கெட்டதற்கும் இடையிலான தெரிவன்று. எந்த ஆபத்தை ஏற்பது என்பதே கேள்வி. சகோதரியின் கணவருக்கு நீரிழிவு உண்டு. குதியின் பின்புறத்தில் தோல் மெல்லியது. நீரிழிவுள்ளவருக்கு அங்கே காயம் ஆறத் தாமதமாகலாம், சீழ் பிடிக்கவும் கூடும். அத்தகைய காயத்தைக் காட்ட ஒவ்வொரு முறையும் குறிகட்டுவானுக்கு வள்ளமேறி, புங்குடுதீவும் வேலணையும் கடந்து யாழ்ப்பாணம் போக வேண்டும். நான்கே நாளில் நோய் தெரிந்தமையால் சப்பாத்து முறைக்குக் காலம் கடந்துவிடவில்லை. வாரக்கணக்கில் தாமதித்திருந்தால் முனைகள் விலகி, இடையே தழும்பு நிரம்பி, நாண் நீண்டு வலுவிழந்துபோகும். இவற்றைச் சீர்தூக்கினால் அவருக்குச் சப்பாத்து முறையே பொருந்தும்போல் நமக்குத் தோன்றுகின்றது. எனினும் முனைகள் நெருங்கி நிற்கின்றனவா என்பதை நேரிற் கண்ட வைத்தியரின் சொல்லே முடிவானது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சப்பாத்தை இரவும் பகலும், உறங்கும்போதும், வைத்தியர் சொல்லும்வரை கழற்றலாகாது. குளிப்பதற்குக் கழற்றும் வேளையிலும் பாதம் கீழ்நோக்கி வளைந்தே இருத்தல் வேண்டும். நாண் மீண்டும் அறுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். அதிலும் நோவு நீங்கி, சப்பாத்தும் நீங்கி, மனிதர் தம்மை மறக்கும் நாட்களில். வள்ளத்திலிருந்து இறங்குதுறைக்கு ஒரு தாவல், மணலில் புதைந்த படகுக்கு ஓர் உந்தல், இவை போதும். அக்காலத்தில் மற்றொருவர் கைகொடுக்க, மெதுவாக இறங்கட்டும். கெண்டைக்கால் திடீரென வீங்கி நோவெடுத்தாலோ, மூச்சு முட்டினாலோ, இரத்தக்கட்டியாக இருக்கக்கூடும்; அன்று கடலைப் பார்த்துக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

எண்ணெய் தடவி உருவுவதை இன்றோடு நிறுத்துங்கள். அறுந்த முனைகள் ஒன்றுசேர்வதற்கு வேண்டியது அமைதியும் சரியான கோணமுமே. கடற்றொழிலுக்கு எப்போது திரும்பலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். நாட்காட்டியை மட்டும் பார்த்து அதைத் தீர்மானிக்க வேண்டாம். அந்தக் காலில் மட்டும் நின்று குதியை அவர் பல தடவை உயர்த்தும் நாள் வரட்டும். அதற்கு ஆறு மாதமோ அதற்கு மேலுமோ ஆகலாம்.