இன்று பூ வந்ததா?

காலை 5.30 மணி. கும்பகோணத்தில் ஒரு வீடு. வாசலில் கோலம் போட்டு முடித்த தாயார், கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுக்கிறார். பத்து ரோஜாப்பூ. மூன்று சூரியன். கடைசியில் கூப்பிய கைகள். குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவை போய்ச் சேருகின்றன.

சென்னையில் இருக்கும் மகன் அதைப் பார்க்கிறார். "அம்மாவுக்குப் பொழுது போகவில்லை" என்று மனைவியிடம் சொல்லிச் சிரிக்கிறார். துபாயில் அப்போது மணி நான்கு. மகள் தூங்குகிறாள்.

இந்தச் சிரிப்பு நியாயந்தானா?

விரலுக்கு எளிது

"காலை வணக்கம்" என்று தமிழில் எழுத வேண்டுமானால் எழுத்து, கால், புள்ளி, நடுவில் ஓர் இடைவெளி எல்லாம் சேர்த்துப் பல செல்போன்களில் 12 முறை தட்டவேண்டும். கண் மங்கிய வயதில், சிறிய கட்டங்களில், அது லேசான வேலை அல்ல. ஒரு புள்ளி விட்டுப்போனால் சொல்லே கெட்டுவிடும். பூவுக்கு அந்தத் தொல்லை இல்லை. நேற்று அனுப்பிய பூ இன்று முதல் வரிசையிலேயே வந்து நிற்கும். பூவில் எழுத்துப் பிழையும் வராது.

சரி, ஒரு பூ போதாதா? போதாது. நம் ஊரில் பூவை ஒன்றாகக் கொடுக்கும் வழக்கம் இல்லை. முழம் போட்டுத்தான் கொடுப்பார்கள். அந்தக் கைதான் இங்கேயும் முழம் போடுகிறது.

"இப்படி அனுப்பித்தான் போன் நிரம்பிவிடுகிறது" என்று பிள்ளைகள் குறை சொல்வது உண்டு. அந்தப் பழி பூவுக்குச் சேராது. செல்போன் கணக்கில் ரோஜாவும் ஓர் எழுத்துத்தான். அதற்கு 4 பைட் இடம் போதும். பத்து ரோஜாவுக்கு 40 பைட். ஆனால் வாழ்த்து எழுதிய வண்ணப்படம் ஒன்று ஒரு லட்சம் பைட் இருந்தால், அது 25 ஆயிரம் ரோஜாவுக்குச் சமம். இடத்தை அடைப்பது படமும் வீடியோவுந்தான்.

அந்தப் பூ சொல்லும் சேதி

அதிகாலையில் வாசலில் கோலம் இருந்தால் தெருவில் போகிறவர்களுக்கு ஒன்று தெரியும். வீட்டில் இருப்பவர்கள் எழுந்துவிட்டார்கள், நலமாக இருக்கிறார்கள். தாயார் அனுப்பும் பூவும் இதைத்தான் சொல்கிறது. தெருவில் இல்லாத பிள்ளைகளுக்கு அது செல்போனில் போட்ட கோலம்.

அதோடு முடியவில்லை. அனுப்பிய பூவின் மேல் விரலை அழுத்தி, அதன் விவரத்தைத் திறந்தால், குழுவில் யார் யார் பார்த்தார்கள் என்று பெயர்ப் பட்டியல் வரும். தனிப்பட்ட உரையாடலில் "பார்த்துவிட்டேன்" என்ற அடையாளத்தை மறைக்கலாம். குழுவில் மறைக்க முடியாது. மகன் பதில் போடாவிட்டாலும் அவர் பெயர் பட்டியலில் ஏறும். 7 மணிக்கு மகளின் பெயரும் வந்துவிட்டால், தாயார் நிம்மதியாக அடுப்படிக்குப் போவார். துபாயிலும் பொழுது நலமாக விடிந்துவிட்டது!

ஜப்பானில் இதற்காக ஒரு கருவியே வந்தது. சோஜிருஷி என்ற கம்பெனி 2001-ம் ஆண்டு ஒரு வெந்நீர்ப் பாத்திரத்தை அறிமுகப்படுத்தியது. தனியே வாழும் முதியவர் தேநீருக்கு வெந்நீர் எடுத்தால், அந்தச் சேதி வெளியூரில் உள்ள பிள்ளைக்குப் போகும். அங்கே பாத்திரம் செய்த வேலையை இங்கே பூ செய்கிறது.

பூ வராத நாள்

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. தொந்தரவு என்று நினைத்துப் பிள்ளைகள் குழுவின் சத்தத்தை அடைத்து வைக்கிறார்கள். பூ வந்தாலும் தெரியாது. வராவிட்டாலும் தெரியாது. தெரியவேண்டியது, வராத நாள்தான்.

தினமும் 5.30-க்கு வரும் பூ 7 மணி வரை வரவில்லையா? உடனே பதறவேண்டாம். இணைய வசதிக்குக் கட்டிய பணம் முடிந்திருக்கலாம். செல்போனில் சார்ஜ் தீர்ந்திருக்கலாம். இணையம் நின்றாலும் சாதாரண அழைப்பு பெரும்பாலும் போகும். முதலில் கூப்பிட்டுப் பாருங்கள். எடுக்காவிட்டால் இரண்டாவது அழைப்பு பக்கத்து வீட்டுக்கு. அந்த எண் உங்கள் கையில் இருக்கவேண்டும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். பூ வந்தது என்றால், தாயார் எழுந்தார் என்று மட்டுமே பொருள். பத்து மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தால் அதைப் பூ சொல்லாது. மாலையில் ஒரு முறை குரலைக் கேட்பதற்குப் பூ ஈடாகாது.

மகன் சிரிக்கட்டும். சிரித்துவிட்டு, ஒரே ஒரு பூவைத் திருப்பி அனுப்பட்டும். கும்பகோணத்தில் ஒருவர் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.