கேளாத சேவைக்குக் கட்டணம்



வாசகி ஒருவர் தமது கைப்பேசிக் கட்டணச் சீட்டுகள் மூன்றை இணைத்து நமக்கு மடல் வரைந்துள்ளார். ஒவ்வொன்றிலும் ‘மதிப்புக் கூட்டுச் சேவை’ என்னும் தலைப்பில், வரி உட்பட 99 ரூபாய். ஆக 297 ரூபாய். அது ஏதோ விளையாட்டுச் சேவையாம். இவர் கேட்டதுமில்லை, பயன்படுத்தியதுமில்லை. நிறுவனத்தாரைக் கேட்டதற்கு, “வீட்டில் யாரேனும் பொத்தானை அழுத்தியிருப்பார்கள்” என்று கூறிவிட்டனராம்.

இவ்விடை செல்லாது. ஒருமுறை அழுத்தியதே சம்மதம் ஆகிவிடாது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013 ஜூலையில் பிறப்பித்த உத்தரவின்படி, வாடிக்கையாளர் சேவையைக் கேட்ட பின்னரும், அதன் பெயரையும் கட்டணத்தையும் காலத்தையும் தெரிவித்து இரண்டாம் முறை ஒப்புதல் பெறல் வேண்டும். அவ்வொப்புதல் இல்லையேல் சேவையைத் தொடங்கலாகாது. ஆகவே “நான் கேட்கவில்லை” என்று வாதிடுவதினும், “இரண்டு ஒப்புதல்களின் பதிவையும் காட்டுங்கள்” என்று கேட்பதே வலிமை வாய்ந்தது.

மடல் எழுதுமுன் 155223 என்னும் இலவச எண்ணில் சேவையை நிறுத்திவிடுக. பின்னர் நிறுவனத்தின் புகார் மையத்தில் முறையிட்டு, அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்க. அந்த எண் இல்லாமல் மேல்முறையீட்டுக்கு வழியில்லை. வாசகிக்கு நாம் வரைந்து கொடுத்த மடல் இது:

“ஐயா, எனது இணைப்பில் மூன்று மாதங்களாக 297 ரூபாய் வசூலிக்கப்பட்டுள்ளது. இச்சேவையை நான் கேட்கவில்லை. அது தொடங்கப்பட்ட நாள், நேரம், வழி ஆகியவற்றையும், முதல் ஒப்புதல், இரண்டாம் ஒப்புதல் ஆகியவற்றின் பதிவுகளையும் அனுப்பித் தருக. அவை இல்லையெனில் முழுத் தொகையையும் திருப்பித் தருக. வழக்காடாத தொகையைச் செலுத்திவிட்டேன். புகார் எண்ணும் கட்டணச் சீட்டுகளின் நகல்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.”

‘வழக்காடாத தொகை’ என்னும் தொடரை விட்டுவிட வேண்டாம். சினத்தால் சீட்டு முழுவதையும் செலுத்தாதிருப்போர் உண்டு. பாக்கியைக் காரணமாக்கி இணைப்பையே துண்டிக்க அது வாய்ப்பளிக்கும். ‘வழி’ என்று கேட்பதற்கும் காரணம் உண்டு. குறுஞ்செய்தியா, தானியங்கிக் குரலழைப்பா, இணைய விளம்பரமா என்பது தெரிந்தால்தான், அந்த நேரத்தில் கைப்பேசி யார் கையில் இருந்தது என்பதை நாம் ஒப்பிட்டுப் பார்க்க இயலும்.

விடை நிறைவளிக்காவிடில், 30 நாள்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. அதிலும் பயனில்லையெனில் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். தொலைபேசி வழக்குகள் அங்கே செல்லா என்று நிறுவனங்கள் நெடுநாள் வாதாடி வந்தன. உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் அவ்வாதத்தை ஏற்க மறுத்துவிட்டது. எனினும் 297 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் செல்ல வேண்டிய நிலை பெரும்பாலும் ஏற்படாது.

வாசகிக்கு வந்த விடையில் ஒரே ஒரு பதிவுதான் இருந்தது. அதுவும் இரவு 2 மணிக்கு! இரண்டாவது ஒப்புதல் எங்கே என்று அவர் மீண்டும் எழுதிக் கேட்டார். அடுத்த சீட்டில் 297 ரூபாயும் கழிக்கப்பட்டிருந்தது.