ஆயிரம் ரூபாய்த் தாளின் பெறுமதியைக் குறைத்தது யார்?

1884 மே மாதத் தொடக்கத்தில் ஓரியன்டல் பாங்க் கோர்ப்பரேஷன் கொடுப்பனவுகளை நிறுத்தியது. இலங்கையில் அன்று புழங்கிய நாணயத்தாள்களில் பெரும்பகுதி அந்தத் தனியார் வங்கி அச்சிட்டவை. கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்து வளர்ந்த வங்கி அது. 1869இல் பரவத் தொடங்கிய இலை நோய் மலையகத்தின் கோப்பியை அழித்தபோது கொடுத்த கடன்களும் அழிந்தன. தாளைக் கொண்டுவந்தால் வெள்ளி ரூபாய் தருவோம் என்பதே வங்கி அளித்திருந்த வாக்குறுதி. அந்த வாக்கு பொய்த்ததும் கையிலிருந்த பணம் வெறும் காகிதமாகும் நிலை வந்தது.

அப்போதைய ஆளுநர் சேர் ஆர்தர் கோர்டன், அந்த வங்கியின் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று அறிவித்தார். அன்று தாள் மாறவில்லை, மை மாறவில்லை, வங்கியின் பெட்டகத்துக்குப் புதிய வெள்ளியும் வந்து சேரவில்லை. தாளுக்குப் பின்னால் நிற்பவர் மட்டுமே மாறினார். வாங்கியவர்கள் தொடர்ந்து வாங்கினார்கள். அதே ஆண்டு நாணயத்தாள் சட்டம் கொண்டுவரப்பட்டு, தாள் வெளியிடும் பொறுப்பு அரசாங்க நாணய ஆணையாளர்களிடம் சென்றது.

தாள் பணத்துக்கு ஏன் மதிப்பு இருக்கிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் நம் நாட்டு வரலாற்றில் இல்லை என்று நினைக்கிறேன். கடைக்காரர் என்னிடமிருந்து தாளை வாங்குவது, மொத்த வியாபாரி அவரிடமிருந்து அதை வாங்குவார் என்பதால்தான். அந்தச் சங்கிலியின் ஒரு முனையில் அரசு இருக்கிறது. வரியையும் கட்டணங்களையும் அதே தாளில்தான் அது வசூலிக்கிறது. எல்லோருக்கும் எப்போதாவது அரசுக்குக் கட்டவேண்டியது இருப்பதால், தாளுக்கு எப்போதும் ஒரு தேவை இருந்துகொண்டே இருக்கும்.

நாணய ஆணையாளர்கள் காலத்தில் தாள்களுக்கு ஈடாக நாணயங்களும் கடன் பத்திரங்களும் ஒதுக்கிவைக்கப்பட்டன. 1950 ஒகஸ்டில் மத்திய வங்கி தொடங்கியபின் அந்த இறுக்கமான பிணைப்பு தளர்ந்தது. இன்று ஆயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு மத்திய வங்கிக்குப் போனால் இன்னொரு ஆயிரம் ரூபாய்தான் கிடைக்கும். சட்டப்படி செல்லுபடியாகும் என்று அந்தத் தாள் சொல்கிறது. அந்தத் தாளுக்கு எத்தனை கிலோ கோதுமை மா கிடைக்க வேண்டும் என்பதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பொதுமக்களின் நம்பிக்கை வைக்கப்பட்டிருக்கும் இடம் அதுதான்: தாளை வெளியிடுபவர் அளவு மீறி வெளியிடமாட்டார் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கை முறிந்தால் என்ன நடக்கும் என்பதை 2022இல் பார்த்தோம். 2019 இறுதியில் வரிகள் பெருமளவு குறைக்கப்பட்டன. பிறகு கொரோனா வந்தது. வருமானம் போதாத அரசு திறைசேரி உண்டியல்களை வெளியிட்டது. சந்தையில் வாங்க ஆளில்லாதவற்றை மத்திய வங்கி புதிதாகப் பணத்தை உருவாக்கி வாங்கியது. "பணம் அச்சிடுதல்" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அச்சு இயந்திரம் ஓடவேண்டியதில்லை, கணக்கில் ஒரு பதிவு போதும். 2019 இறுதியில் மத்திய வங்கியிடம் இருந்த அரச பத்திரங்கள் நூறு பில்லியன் ரூபாய்க்கும் குறைவு. 2022 இறுதியில் அது 2,500 பில்லியனைத் தாண்டியிருந்தது.

விலைகள் ஏறியதற்கு இது மட்டுமே காரணம் அல்ல. டொலர் தட்டுப்பாடு, இரசாயன உரத் தடை, உலகச் சந்தை விலைகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஆனால் 2022 மார்ச்சில் ரூபாயின் பிடியைத் தளர்த்தியபோது, சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். உணவுக்கு மட்டும் 95 வீதம் அளவில் நின்றது.

அப்போதும் எந்தக் கடைக்காரரும் ரூபாயை வாங்க மறுக்கவில்லை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தாள் கைமாறிக்கொண்டேதான் இருந்தது. 1884இல் வந்த ஆபத்து தாளே செல்லாமல் போவது. 2022இல் தாள் செல்லும், ஆனால் பொருள் குறைவாகக் கிடைக்கும். இரண்டாவது வகை ஆபத்து சத்தமில்லாமல் வருகிறது. இழப்பும் எல்லோருக்கும் சமமாக வருவதில்லை.

தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். நீண்ட போராட்டத்துக்குப் பின் 2021 மார்ச்சில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என வர்த்தமானியில் வந்தது. அன்றைய மாற்று வீதத்தில் அது ஐந்து டொலர். 2022 மே மாதத்தில் அதே ஆயிரம் மூன்று டொலருக்கும் குறைவு. தொழிலாளி கொய்த கொழுந்துக்கு அந்தக் கதி வரவில்லை. தேயிலை டொலருக்கு விற்கும் பொருள் என்பதால், கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோவின் சராசரி விலை 2021க்கும் 2022க்கும் இடையில் ரூபாயில் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. உரம், எரிபொருள் செலவுகள் ஏறின, விளைச்சலும் விழுந்தது என்று கம்பனிகள் சொன்னதில் உண்மை உண்டு. இருந்தாலும் தேயிலை ரூபாயின் வீழ்ச்சியிலிருந்து தப்பிக்கொண்டது. தேயிலை கொய்த கை தப்பவில்லை.

காணியோ வீடோ வைத்திருந்தவர்களுக்கு விலையேற்றத்தோடு சொத்தின் மதிப்பும் ஏறியது. வெளிநாட்டில் உறவு இருந்தவர்களுக்கு டொலர் வந்தது. லயத்தில் வாழும் குடும்பத்துக்குக் காணி உறுதியில்லை, சேமிப்பு என்றால் ரூபாய் அல்லது ஒரு சோடித் தோடு. தோட்டங்களில் நான் பேசிய பெண்கள் கையில் பணம் மிஞ்சினால் நகையாக மாற்றுவதை வீண் ஆசை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ரூபாயை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று அனுபவத்தில் அறிந்தவர்களின் கணக்கு அது.

பிறகு திருத்தங்கள் வந்தன. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசு வெளியிடும் பத்திரங்களை நேரடியாக வாங்குவதை மத்திய வங்கிக்குத் தடைசெய்கிறது. பணவீக்க இலக்கு 5 வீதம். தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் அந்த இலக்கின் எல்லைக்கு வெளியே போனால், காரணத்தைப் பாராளுமன்றத்துக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். 2023இன் நடுப்பகுதியில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. இதில் ஒரு வரம்பு உண்டு: சட்டம் ஆக்கிய பாராளுமன்றமே அதை மாற்றவும் முடியும். ஆகவே மத்திய வங்கி வெளியிடும் கணக்கில் அதன் அரச பத்திர இருப்பு திடீரென உயர்கிறதா என்று கவனிப்பது நல்லது. 2020இல் அந்த எண் ஏறியது, விலைகள் பிறகுதான் ஏறின.

பணவீக்கம் இறங்கியது என்றால் விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பின என்று பொருளல்ல. ஏறும் வேகம் குறைந்தது, அவ்வளவுதான். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. டொலர் அப்போது சுமார் 300. கணக்கிட்டால் நாலரை டொலர். 2021இல் போராடிப் பெற்ற ஐந்து டொலரைக்கூட அது எட்டவில்லை. மூன்றரை ஆண்டுகளில் கிடைத்த 350 ரூபாயைச் சம்பள உயர்வு என்றுதான் மேடைகளில் சொன்னார்கள்.

தாள் பணம் ஒரு வாக்குறுதி என்றால், ரூபாயில் மட்டும் எழுதப்படும் சம்பளம் அந்த வாக்குறுதியின்மேல் வைக்கும் பந்தயம். தொழிற்சங்கங்கள் ஒவ்வொரு முறையும் எண்ணைப் பற்றியே பேரம் பேசுகின்றன. விலைச் சுட்டெண் உயர்ந்தால் சம்பளமும் தானாக உயரும் என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்திருந்தால், 2022இன் சுமையில் ஒரு பங்கு வேறு தோள்களுக்கும் போயிருக்கும். அடுத்த பேச்சுவார்த்தையில் முதலில் கேட்கவேண்டியது அந்த வரியைத்தான்.