இல்லாத தங்கத்துக்கு எதற்கு விலை?

மண்டைக்காட்டில் ஒரு வீட்டில் பெண்ணுக்கு வரன் முடிவானால் அடுத்த பேச்சு பவுனைப் பற்றித்தான். 1961 முதல் வரதட்சணை சட்டப்படி குற்றம். ஆனாலும் குமரி மாவட்டத்தில் எத்தனை பவுன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கும் தகப்பன் அரிது. அந்தத் தகப்பன் குளச்சலுக்கோ தக்கலைக்கோ நாகர்கோவிலுக்கோ போய்க் கடையில் உட்காருகிறார். கையில் கொடுக்கப்படும் கணக்குத் தாளில் எடை, சேதாரம், செய்கூலி, வரி என்று வரிசையாக எண்கள் இருக்கும். அவர் பார்ப்பது கடைசி வரியை மட்டும். அந்தத் தாளின் இரண்டாவது வரி நியாயமற்றது என்பதே நம் தீர்ப்பு.

கணக்குக்கு வசதியாக ஒரு கிராம் 22 காரட் தங்கம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பவுனில் ஒரு சங்கிலி, சேதாரம் 14 சதவீதம், செய்கூலி கிராமுக்கு 150 ரூபாய்.

தங்கம் 24 கிராம்: ரூ. 2,40,000
சேதாரம் 3.36 கிராம்: ரூ. 33,600
செய்கூலி: ரூ. 3,600
ஜி.எஸ்.டி. 3 சதவீதம்: ரூ. 8,316
ஹால்மார்க் கட்டணம் 45 ரூபாய், அதற்கு 18 சதவீத வரி: ரூ. 53.10
கொடுக்க வேண்டியது: ரூ. 2,85,569.10

விலை கொடுப்பது 27.36 கிராமுக்கு, வீட்டுக்கு வருவது 24 கிராம். மாப்பிள்ளை வீட்டார் எண்ணப்போவதும் மூன்று பவுனைத்தான். மிச்சமான 3.36 கிராம் சங்கிலியில் இல்லை, பெண்ணின் கழுத்திலும் இல்லை. ஆனாலும் அதற்கு விலை உண்டு, அந்த விலைக்கு 1,008 ரூபாய் வரியும் உண்டு. அதே சங்கிலியை மறுநாளே கடைக்குக் கொண்டுபோனால், பழைய நகைக்குக் கழிவு எதுவும் பிடிக்காத தாராளமான கடைக்காரர்கூட 2,40,000 ரூபாய்க்கு மேல் தரமாட்டார். கொடுத்த பணம் திரும்ப வேண்டுமானால் தங்கம் ஏறத்தாழ 19 சதவீதம் ஏற வேண்டும்.

சேதாரம் ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. ஆசாரி கட்டியை உருக்கி, கம்பி இழுத்து, அராவி, பற்றவைத்து, மெருகு போடும்போது பொடியாகவும் தூளாகவும் கொஞ்சம் போகும். அந்த இழப்பை நகை செய்யக் கொடுத்தவர் ஏற்றுக்கொண்டார். அப்போதும் அது முழுக்கப் போய்விடவில்லை. பட்டறை மண்ணை விலைக்கு வாங்கி அரித்துத் தங்கம் எடுத்துப் பிழைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இப்போது கடைக் கண்ணாடிக்குள் தொங்கும் சங்கிலிகளில் பெரும்பகுதி இயந்திரத்தில் பின்னப்பட்டவை. அதில் சிந்தும் துகளைத் திரட்டி மறுபடி உருக்கிவிடுகிறார்கள். நூற்றுக்குப் பதினான்கு பங்கு தங்கம் காற்றில் கரைந்துபோகும் பட்டறை எதுவும் ஒரு மாதம்கூடத் தாங்காது.

அப்படியானால் அந்த 33,600 ரூபாய் என்ன? கடையின் லாபம், வாடகை, விளம்பரம், விற்காமல் கிடக்கும் சரக்கின் சுமை. இதை நாம் குறை சொல்லவில்லை. தங்கத்தின் அன்றாட விலையை வியாபாரிகள் சங்கம் காலையில் அறிவித்துவிடுகிறது; கடைக்குக் கடை அதில் பெரிய வித்தியாசம் இல்லை. வியாபாரி பிழைக்க வேண்டிய பணம் வேறு எங்கிருந்தாவது வரத்தான் வேண்டும். லாபம் பாவமில்லை. லாபத்தைத் தங்கமாக எடை போட்டுக் காட்டுவதுதான் பிழை.

அதன் விளைவைப் பாருங்கள். இதே சங்கிலியை கிராம் 5,000 ரூபாயாக இருந்தபோது வாங்கியிருந்தால் சேதாரம் 16,800 ரூபாய். இப்போது 33,600. அதே இயந்திரம், அதே பின்னல், அதே நேர வேலை. வேலை செய்தவரின் கூலி இரட்டிப்பாகவில்லை. கடையின் வாடகையும் தங்கத்தின் விலையோடு கைகோத்து ஏறவில்லை. சதவீதம் மாறாமல் இருப்பதால் விலை ஏறியதாகவே யாருக்கும் தோன்றுவதில்லை. ரூபாயில் எழுதியிருந்தால் முதல் பார்வையிலேயே கேள்வி கேட்டிருப்பார்கள்.

கேள்வி கேட்பவருக்கும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "அக்கா, ஒங்களுக்காக ரெண்டு சதவீதம் கொறச்சுத் தாறேன்" என்பார் விற்பனையாளர். குறைத்ததில் மகிழ்ந்து எழுந்துவிடுகிறோம். பேசத் தெரிந்தவருக்குப் பத்து, தெரியாதவருக்குப் பதினாறு என்று ஒரே பொருளுக்கு இரண்டு விலை இருப்பதன் பெயர் பேரம் அல்ல. கடலில் இரவெல்லாம் கிடந்து வந்து, கூச்சத்தோடு ஏசி அறையில் உட்காரும் மீனவர்தான் அந்தப் பதினாறைக் கொடுக்கிறார். "செய்கூலி இல்லை" என்ற விளம்பரங்களும் இதே வகைதான். அங்கே நீக்கியதை இங்கே சேதாரத்தில் ஏற்றிவிடலாம். சில கடைகள் இரண்டையும் சேர்த்து வி.ஏ. என்ற இரண்டு எழுத்தில் அடக்கிவிடுகின்றன. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் பணிக்கூலி என்று ஒரே சதவீதமாகச் சொல்லும் வழக்கம் உண்டு. ஒப்பிட எளிது, அவ்வளவுதான். சதவீதம் என்ற நோய் அங்கேயும் தீரவில்லை.

கையால் செய்யும் நகைக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது என்று சிலர் சொல்லக்கூடும். நமக்குப் பக்கத்தில் வடசேரியிலேயே கோயில் நகை செய்யும் ஆசாரிகள் இருக்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது. ஒரு பதக்கத்தில் கல் பதிக்க அவர்கள் செலவிடும் நாட்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். அந்தக் கூலியை ரூபாயில் சொல்லிக் கேட்கட்டும், மரியாதையோடு கொடுப்போம்.

கல் வைத்த நகையில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. கல், அரக்கு எல்லாம் சேர்ந்த மொத்த எடைக்குச் சேதாரம் போட்டு, கல்லுக்குத் தனியாகவும் விலை வைப்பது. தாளில் மொத்த எடை, நிகர எடை என்று இரண்டும் தனித்தனியே இல்லையென்றால் அந்த நகையை வாங்கக் கூடாது.

சட்டம் இதில் பாதி வழி வந்து நின்றுவிட்டது. 2018-ஆம் ஆண்டின் ஹால்மார்க் விதிமுறைகளின்படி பில்லில் பொருளின் விவரம், தங்கத்தின் நிகர எடை, தரம், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனியாக இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க அடையாள எண் இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. அந்த எண்ணை BIS Care செயலியில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தரம் குறைந்திருந்தால், குறைந்த மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கிடைக்கும். இவ்வளவும் நல்லதே. ஆனால் இவையெல்லாம் தங்கம் தங்கம்தானா என்பதைப் பற்றியவை. இல்லாத தங்கத்துக்கு வசூலிப்பதைப் பற்றி அந்த விதிகள் வாய் திறக்கவில்லை.

எனவே மத்திய நுகர்வோர் துறையிடம் கேட்க வேண்டியது சிறிய திருத்தம். சேதாரம் என்ற வரி பில்லிலிருந்து போக வேண்டும். தங்கத்துக்கு மேல் கடை வாங்கும் தொகை முழுவதும் ரூபாயில், ஒரே வரியில், நகையில் கட்டிய சீட்டிலேயே அச்சாகியிருக்க வேண்டும். நம் சங்கிலிக்கு அது 37,200 ரூபாய், கிராமுக்கு 1,550. இரண்டு கடைச் சீட்டுகளை அருகருகே வைத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட எது மலிவு என்று சொல்லிவிடும்.

திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நகையைத் தேர்ந்தெடுத்ததும் சதவீதத்தை விட்டுவிட்டு, "தங்கத்துக்கு மேலே மொத்தம் எவ்வளவு ரூபாய்?" என்று கேளுங்கள். கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டித்தான் ஆக வேண்டும். "பில் வேண்டாம்னா வரி மிச்சம்" என்று கடைசியில் ஒரு சலுகை வந்தால் மறுத்துவிடுங்கள். மிச்சமாவது எட்டாயிரம் ரூபாய். அதற்காகத் தரம் குறைந்தால் இழப்பீடு கேட்கக் கையிலிருக்கும் ஒரே சாட்சியைக் கொடுத்துவிடுகிறீர்கள்.