பெயர்ப் பட்டியலில் இல்லாத பிள்ளை

சில மாதங்களுக்கு முன் அக்கா எனக்கு ஒரு செய்தியை அனுப்பி வைத்தாள். அவள் மகள் நான்காம் ஆண்டு படிக்கிறாள், தமிழ்ப்பள்ளியில். வகுப்புப் புலனக் குழுவில் கணித ஆசிரியை போட்ட செய்தி அது. அடுத்த வாரத்திலிருந்து தன் வீட்டில் டியூஷன், வாரம் இரண்டு நாள், மாதம் 60 வெள்ளி, வருகிறவர்கள் பெயரைப் போடவும். கீழே 1, 2, 3 என்று எண்கள். இரவு பத்து மணிக்குள் பதினேழு பெயர்கள் ஏறிவிட்டன. வகுப்பில் இருப்பதே இருபத்தாறு பிள்ளைகள்.

அக்கா கேட்ட கேள்வி இதுதான்: “தம்பி, பேர் போடலன்னா டீச்சர் என்னா நெனைப்பாங்க?”

பிள்ளைக்குக் கணக்கு வருமா வராதா என்று அவள் கேட்கவில்லை. பிள்ளைக்குக் கணக்கு நன்றாகவே வரும். 60 வெள்ளி கொடுத்து அவள் வாங்க நினைத்தது ஆசிரியையின் நல்ல அபிப்பிராயத்தை. அந்த ஆசிரியை நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அக்காவுக்கு அந்தப் பயம் வந்துவிட்டது. நான் குற்றம் என்று சொல்வது அந்தப் பயத்தை உண்டாக்கிய ஏற்பாட்டை.

நம் நாட்டில் ஆசிரியர்களுக்கு ஓர் ஒழுக்க நெறி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதில் மாணவர்களுக்கான கடமைகள் என்ற பகுதியில் மூன்று விஷயங்கள் அருகருகே இருக்கின்றன. பொருளாதார நிலை உட்பட எதையும் பார்க்காமல் எல்லா மாணவரிடமும் நியாயமாக நடக்க வேண்டும். மாணவரைப் பற்றிய இரகசியத் தகவலை உரியவர் தவிர வேறு யாரிடமும் சொல்லக் கூடாது. தன் வகுப்பு மாணவருக்கு, அட்டவணையில் உள்ள பாடத்தைக் கட்டணம் வாங்காமல் கற்பிக்க வேண்டும். மூன்றாவதை எத்தனை ஆசிரியர்கள் படித்திருக்கிறார்கள்? டியூஷனே எடுக்கக் கூடாது என்று அதில் இல்லை. உன்னிடம் படிக்கிற பிள்ளையிடம், நீ சொல்லிக் கொடுக்கிற பாடத்துக்குக் காசு வாங்காதே என்கிறது. அந்தப் பாடத்துக்கு அரசாங்கம் ஏற்கெனவே சம்பளம் கொடுத்துவிட்டது.

இதோடு 1993-ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் நடத்தை விதிமுறைகளும் உண்டு. அதன் ஐந்தாம் விதிப்படி, அரசு ஊழியர் வெளி வேலை செய்ய முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டும். அந்த வேலை இலாகாவின் நலனோடு மோதக் கூடாது. காலையில் மதிப்பெண் போடும் கை மாலையில் அதே பிள்ளையின் வீட்டிலிருந்து கட்டணம் வாங்குவது மோதல் இல்லை என்றால் வேறு எது மோதல்?

நான் ஆறாம் ஆண்டு படித்தபோதும் இதே கதைதான். எங்கள் கணித ஆசிரியர் வீட்டில் டியூஷன், மாதம் 40 வெள்ளி. அம்மா தொழிற்சாலையில் வேலை செய்தார். மூன்று பிள்ளைகள் இருந்த வீட்டில் அந்த 40 வெள்ளி இல்லை. ஆண்டின் நடுவில் நடந்த பள்ளிச் சோதனைக்கு வினாத்தாள் தயாரித்தவரும் அவரே, திருத்தியவரும் அவரே. எனக்கு 71. டியூஷன் போன நண்பர்களுக்கெல்லாம் தொண்ணூறுக்கு மேல். ஒரு நண்பனின் டியூஷன் தாளை வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்துக் கணக்குகள் அப்படியே சோதனையில் வந்திருந்தன, எண்களை மட்டும் மாற்றி. வகுப்பில் யாராவது சந்தேகம் கேட்டால், “டியூஷன் வந்தவங்களுக்குத் தெரியும்” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

அந்த ஆண்டு இறுதியில் யூ.பி.எஸ்.ஆர். தொண்ணூறு எடுத்தவர்களுக்கும் கணிதத்தில் ஏ, எனக்கும் ஏ. பள்ளிச் சோதனையில் இருபது மதிப்பெண்ணாக இருந்த இடைவெளி வெளிச் சோதனையில் காணவில்லை. காரணம் எளிது. அந்தத் தாளை எங்கள் ஆசிரியர் தயாரிக்கவில்லை. திருத்தியவருக்கு எங்கள் பெயர் தெரியாது, சுழல் எண் மட்டுமே தெரியும். இப்படித்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும். உள்ளே ஒரு மாதிரியும் வெளியே ஒரு மாதிரியும் மதிப்பெண் வந்தால், உள்ளே ஏதோ கசிந்திருக்கிறது.

2021-இல் யூ.பி.எஸ்.ஆர். ரத்தானது. பிள்ளைகளின் மன அழுத்தம் குறைய வேண்டும் என்பதால் நானும் அதை வரவேற்றேன். ஆனால் அதோடு அந்த வெளிக் கண்ணும் போய்விட்டது என்பதை நாம் பேசவில்லை. அதன்பிறகு பெற்றோர் கையில் கிடைப்பது பெரும்பாலும் வகுப்பறை மதிப்பீடு. ஆசிரியர் ஆண்டு முழுவதும் பிள்ளையைக் கவனித்து 1 முதல் 6 வரை ஓர் அடைவு நிலை தருகிறார். ஒரு பிள்ளை 3-ஆ 4-ஆ என்பது அவருடைய கணிப்பு. வாரம் இரண்டு மாலை தன் வீட்டு வரவேற்பறையில் பார்க்கிற பிள்ளையை அவருக்குக் கூடுதலாகத் தெரியும். பட்டியலில் இல்லாத ஒன்பது பிள்ளைகளை அந்த அளவுக்குத் தெரியாது. கெட்ட எண்ணமே இல்லாமல் அநியாயம் நடக்க இது போதும்.

நான் பொறியியலாளன். கட்டுமானத் தளத்தில் கான்கிரீட் சரியாக இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவர், குத்தகையாளரிடம் மாதா மாதம் தனியாகப் பணம் வாங்கினால் அவரை உடனே நீக்குவோம். கான்கிரீட் உண்மையிலேயே நல்லதாக இருந்தாலும் நீக்குவோம். ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் கையெழுத்தை யாராலும் நம்ப முடியாது. டியூஷன் ஆசிரியர் இழப்பதும் இதைத்தான். அவர் நேர்மையாகப் போட்ட 5 கூடச் சந்தேகத்துக்குரிய 5 ஆகிவிடுகிறது. அது டியூஷன் போன பிள்ளைக்கும் இழப்பு.

எனக்கு வரப்போகும் பதில்கள் தெரியும். “பெற்றோரே கெஞ்சிக் கேட்கிறார்கள்.” கேட்பார்கள். அக்கா மாதிரி பயந்து கேட்பவர்கள் அதில் எத்தனை பேர் என்று ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? “விலைவாசி ஏறிவிட்டது, ஆசிரியருக்கும் குடும்பம் இருக்கிறது.” ஒப்புக்கொள்கிறேன். அனுமதி வாங்கி, வேறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எடுக்கட்டும். அவர்களுக்கு இவர் மதிப்பெண் போடப் போவதில்லை. “தமிழ்ப்பள்ளியைக் குறை சொன்னால் பிள்ளைகள் குறைந்துவிடுவார்கள்.” இதுதான் என்னை அதிகம் எரிச்சலூட்டும் பதில். மாதம் 60 வெள்ளி கொடுக்க முடியாதவர்கள்தான் தமிழ்ப்பள்ளியை அதிகம் நம்பியிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளையை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்துவிட்டு எந்தப் பள்ளியைக் காப்பாற்றுகிறோம்?

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் இல்லை. வகுப்புப் புலனக் குழுவில் டியூஷன் அறிவிப்பைத் தலைமையாசிரியர் முதலில் தடுக்கலாம். எந்தக் குடும்பத்தால் கட்ட முடியவில்லை என்பதை அந்த எண் பட்டியல் இருபத்தாறு வீடுகளுக்கும் காட்டுகிறது. அது இரகசியம் காக்க வேண்டிய தகவல். கூடுதல் வகுப்பு தேவையென்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் செலவை ஏற்று, பள்ளியிலேயே, எல்லாப் பிள்ளைகளுக்கும் நடத்தலாம். ஒரே ஆண்டில் இரண்டு வகுப்புகள் உள்ள பள்ளிகளில் ஆசிரியர்கள் தாள்களை மாற்றித் திருத்தலாம். ஒரு வகுப்பே உள்ள சிறு பள்ளியில் இது முடியாது. அங்கேதான் சொந்த மாணவர்களுக்கு டியூஷன் எடுக்காமல் இருப்பது இன்னும் அவசியம்.

அக்கா கடைசியில் பெயரைப் போட்டுவிட்டாள். பதினெட்டாவது. “நம்மளால முடியுது, போட்டுட்டேன்” என்றாள். மீதி எட்டு வீடுகளில் அன்றிரவு என்ன பேசியிருப்பார்கள் என்று அந்த ஆசிரியை ஒரு தடவை யோசித்துப் பார்க்கட்டும்.